சேலத்துல ஏறி ஸ்லீப்பர்ல இருந்து ஏசிக்கு மாறலாமா?

கேள்வி: "ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல சேலம் டூ சென்னை, எனக்கும் அம்மாவுக்கும் ஸ்லீப்பர் கன்ஃபார்ம். அம்மாவுக்கு மூட்டு வலி, கிடைச்சது ரெண்டும் அப்பர். டிடிஈ கிட்ட கேட்டு தேர்ட் ஏசி மாத்திக்கலாமா?"

மாத்திக்கலாம் சகோ, பெர்த் காலியா இருந்தா மட்டும். சார்ட் போட்டதும் ஐஆர்சிடிசி சைட்ல Charts / Vacancy-ல பாருங்க, தேர்ட் ஏசில ரெண்டு காலி காட்டினாலும் ஆர்ஏசி ஆளுங்களுக்கு குடுத்த மிச்சம்தான் நமக்கு, அதனால நம்பி இருக்காதீங்க.

சேலத்துல ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துலயே ஏசி கோச் டிடிஈய பிடிச்சு கேளுங்க, ஸ்லீப்பர் டிடிஈ கிட்ட இல்ல. அவர் வெயிட் பண்ண சொன்னா உங்க ஸ்லீப்பர் சீட்டுக்கே போய் உக்காருங்க, ஏசில போய் உக்காந்துட்டு அப்புறம் கேட்டா வித்தியாசத்தோட குறைஞ்சது 250 ரூபா அபராதமும் சேரும். இதுலதான் நெறைய பேர் மாட்டுறாங்க.

காசு ரெண்டு கிளாஸுக்கும் உள்ள வித்தியாசம்தான். கணக்குக்கு சொல்றேன், ஸ்லீப்பர் 250, ஏசி 650னு வச்சுக்கிட்டா ஆளுக்கு 400, ரெண்டு பேருக்கு 800. கேஷா சில்லறையோட வச்சிருங்க. ரசீது கண்டிப்பா வாங்கிருங்க, அதுல கோச், பெர்த் நம்பர், தொகை மூணும் இருக்கணும். ரசீது இல்லாம "பாத்துக்கலாம் உக்காருங்க"ன்னா வேணாம்னு சொல்லிருங்க, வேற செக்கிங் ஸ்குவாட் வந்தா பதில் சொல்றது நீங்கதான்.

பெர்த் இல்லேன்னா ஸ்லீப்பர்ல லோயர் வச்சிருக்கிற ஆள்கிட்ட அம்மாவ காட்டி கேளுங்க, பெரும்பாலும் மாத்திக்குவாங்க.