ஈரக்குமிழ் படங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பட்டுப்புழு மனைகளிலிருந்து வந்தவை. சுவரில் மாட்டிய உலர்குமிழ்–ஈரக்குமிழ் கருவியை போனில் படம் பிடித்து, "ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இதில் இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் மட்டும் ஈரத்திரி சுற்றியிருக்கும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் கிடைக்கும். பல படங்களில் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. திரியும் தண்ணீர்க் குப்பியும் தெரியாத படத்தை வைத்து நான் ஈரப்பதம் சொல்ல மாட்டேன். ஏன் என்பது உடுமலைக்காரருக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

உலர்குமிழ் 30, ஈரக்குமிழ் 24. அட்டவணையில் எந்த வரிசையைப் பார்ப்பது? எனக்கு ஒரு தடவை 61 வருகிறது, ஒரு தடவை 56 வருகிறது. (தர்மபுரி)

உங்கள் அட்டவணையின் இடப்பக்கத் தலைப்பைப் படியுங்கள். சில கருவிகளில் வரிசைகள் உலர்குமிழின் அளவுப்படி இருக்கும், சிலவற்றில் ஈரக்குமிழின் அளவுப்படி இருக்கும். உங்கள் படத்தில் "உலர்" என்றே அச்சாகியிருக்கிறது. எனவே 30-ஆம் வரிசையில் வித்தியாசம் 6 என்ற கட்டத்துக்குப் போங்கள், 61 சதவீதம். 24-ஆம் வரிசைக்குப் போனதால்தான் 56 வந்தது. தலைப்பை ஒரு தடவை படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வித்தியாசம் 4.5 வந்தால்? அட்டவணையில் 4-ம் 5-ம் மட்டும் இருக்கின்றன. (ஓசூர்)

இரண்டுக்கும் நடுவில் எடுங்கள். 30 டிகிரியில் 4-க்கு 73, 5-க்கு 67. நீங்கள் 70 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நூற்பாலையில் பழைய கருவி. உலர் 86, ஈரம் 79. வித்தியாசம் 7. செல்சியஸ் அட்டவணையில் 30-க்கு நேராகப் பார்த்தேன், 55 வந்தது. ஆனால் நூல் அறுபடவே இல்லையே? (கோவை)

86-ஐ 30 ஆக மாற்றியவர் 7-ஐ மாற்றாமல் விட்டுவிட்டீர்கள். ஃபாரன்ஹீட்டில் 7 என்றால் செல்சியஸில் 4-க்குச் சற்றுக் குறைவு. அதன்படி 73 சதவீதம் வரும். ஃபாரன்ஹீட் கருவிக்கு ஃபாரன்ஹீட் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பலகையில் இரண்டு அளவுகோலும் இருந்தால், இரண்டு குழாயிலும் ஒரே பக்கத்து அளவைப் படியுங்கள்.

இளம்புழு அறை. உலர்குமிழ் 27, ஈரக்குமிழ் 26.5. அட்டவணைப்படி 96 சதவீதம். ஆனால் தழை இரண்டு மணி நேரத்தில் சுருண்டுவிடுகிறது. தழையில் கோளாறா? படம் இணைத்துள்ளேன். (உடுமலை)

தழையில் கோளாறு இல்லை. படத்தில் திரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்பாதி பழுப்பேறி விறைத்து நிற்கிறது. குமிழைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. குப்பியில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கிறது, திரியின் நுனி அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

ஈரக்குமிழ் எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது குமிழின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் அளவு இறங்குகிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆவியாகும், வித்தியாசமும் அவ்வளவு பெரிதாகும். திரி அழுக்கேறினாலும், உப்புப் படிந்தாலும், தண்ணீர் மேலே ஏறாவிட்டாலும் குமிழ் சரியாகக் குளிராது. வித்தியாசம் சுருங்கும், அட்டவணை அதிக ஈரப்பதம் காட்டும். திரி முழுக்கக் காய்ந்துவிட்டால் இரண்டு குமிழும் ஒரே அளவில் நிற்கும், அட்டவணை 100 என்று சொல்லும். பராமரிப்பில் விடும் தவறு அநேகமாக எல்லாமே இந்த ஒரே பக்கத்துக்குத்தான் சாய்கிறது. அறை காய்ந்துகொண்டிருக்கும், காகிதத்தில் மட்டும் நல்ல எண் இருக்கும்.

இதை நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மனைக்குப் போயிருந்தேன். பதிவேட்டில் மூன்று மாதமாகத் தினமும் 90-க்கு மேல். திரியைத் தொட்டால் சுள்ளி மாதிரி ஒடிந்தது. அந்த எண்களை நம்பி ஈரச்சாக்கு கட்டுவதை நிறுத்தியிருந்தார்கள், புழுக்கள் சரியாகத் தின்னாமல் ஒன்றுக்கொன்று அளவு பிந்திக் கிடந்தன. பத்து ரூபாய்கூட ஆகாத ஒரு துண்டுத் துணிக்காக ஒரு தொகுதிக் கூடு போனது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உடுமலைக்காரரிடம் அன்றைக்கே திரியை மாற்றச் சொன்னேன். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, கஞ்சி போக அலசியது. போர்வெல் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக் கடையில் கிடைக்கும் வடித்த நீரை ஊற்றுங்கள். குப்பியின் வாய் குமிழிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். கால் மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் உலர்குமிழ் 27-லேயே நின்றது, ஈரக்குமிழ் 24-க்கு இறங்கியிருந்தது. வித்தியாசம் 3, ஈரப்பதம் 78. இளம்புழுவுக்கு 85-க்குக் குறையக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். தழை ஏன் சுருண்டது என்பதற்குப் பதில் இதுதான்.

தண்ணீர் ஊற்றிய உடனே படம் எடுக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் கொஞ்ச நேரத்துக்கு அளவு கூடுதலாக இறங்கி, ஈரப்பதம் குறைவாகத் தெரியும்.

போனைக் கீழிருந்து சாய்த்துப் பிடித்தால் அளவு தப்பாகுமா? (கிருஷ்ணகிரி)

ஆகும். குழாய் அளவுகோலுக்குச் சற்று முன்னால் இருப்பதால், கீழிருந்து பார்த்தால் அளவு கூடித் தெரியும், மேலிருந்து பார்த்தால் குறைந்து தெரியும். ஆனால் இரண்டு குழாயும் ஒரே படத்தில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நகரும், வித்தியாசம் அவ்வளவாக மாறாது. 30-ம் 24-ம் இருக்கும் இடத்தில் 31-ம் 25-ம் என்று படித்தாலும் ஈரப்பதம் 61-ஐ ஒட்டியேதான் வரும். கெடுப்பது தனித்தனிப் படம். ஒன்றைக் கீழிருந்தும் இன்னொன்றை மேலிருந்தும் எடுத்து, வித்தியாசம் ஒரு டிகிரி தவறினால் ஆறு சதவீதம் போச்சு. உங்களுடையவை தனித்தனிப் படங்கள், அதனால் நான் எண் சொல்லவில்லை. கை நீட்டித் தள்ளி நின்று, போனைத் திரவத்தின் உச்சிக்கு நேராகப் பிடித்து, ஜூம் செய்து ஒரே படமாக எடுங்கள். கிட்டே போனால் உங்கள் மூச்சும் குமிழில் படும். திரியும் படத்துக்குள் இருக்கட்டும்.

படம் எடுக்கும் முன் கருவிக்கு விசிறலாமா? (தென்காசி)

பலகையில் அச்சிட்ட அட்டவணை அசையாத காற்றுக்கானது என்றால் விசிறாதீர்கள். கையால் சுழற்றும் கருவியின் அட்டவணை என்றால் காற்று ஓட்டம் கட்டாயம் வேண்டும். ஒரு கருவியின் அட்டவணையை இன்னொன்றுக்கு வைத்துப் படிக்காதீர்கள்.

ஊட்டியில் காளான் வளர்க்கிறேன். சமவெளி அட்டவணை சரிவருமா? உலர் 20, ஈரம் 15. (ஊட்டி)

அட்டவணை 59 காட்டும். உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் உண்மையில் 62-ஐ ஒட்டி இருக்கும். மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டில் எந்த எண்ணாக இருந்தாலும் காளானுக்கு அது போதாது.

ஈரக்குமிழ் உலர்குமிழைவிட அரை டிகிரி அதிகம் காட்டுகிறது. அட்டவணையில் அப்படி ஒரு கட்டமே இல்லை. (சேலம்)

இருக்காது. திரியைக் கழற்றி, குமிழைத் துடைத்து, இரண்டையும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வெப்பமானியின் சிவப்புத் திரவத்தில் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் படத்தில் 18-க்குப் பக்கத்தில் அப்படி ஒன்று தெரிகிற மாதிரி இருக்கிறது.