பித்தப்பைக் கல்லும் கணைய வீக்கமும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. கடும் வயிற்றுவலி வந்தது, கண்ணும் மஞ்சளானது. ஸ்கேனில் பித்தப்பையில் சிறு கற்கள் என்றார்கள். ஆனால் கணையம் வீங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். கல் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் இன்னோரிடத்தில் எப்படி வரும்? – வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டு உறுப்புகளின் குழாய்களும் ஒரே வாசலில் வந்து முடிவதே காரணம். இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடல் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ளது. அது வலப்புறம் கீழிறங்கி, பிறகு முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கம் செல்வதால் குதிரை லாடம்போல வளைந்திருக்கும். அந்த வளைவுக்குள் கணையத்தின் தலை பொதிந்திருக்கிறது. அதன் உடல் இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பின் குறுக்கே கிடக்க, வால் மண்ணீரல்வரை நீள்கிறது. இவ்வளவு பின்னால் கிடப்பதால்தான் கணைய வலி பெரும்பாலும் முதுகுக்குப் பாய்கிறது.

கல்லீரலிலிருந்தும் பித்தப்பையிலிருந்தும் பித்தத்தைக் கொண்டுவரும் பொதுப் பித்தநாளம், முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குப் பின்னால் இறங்கி, கணையத் தலையின் பின்புறத்தை ஒட்டியோ அதன் திசுவுக்குள் புதைந்தோ சென்று, குடலின் இறங்கு பகுதியை அடைகிறது. அங்கே பலருக்குக் கணையநாளமும் அதனுடன் சேர்ந்து, 'வாட்டர் குமிழ்' எனப்படும் சிறு விரிவாகிக் குடலுக்குள் திறக்கிறது. (இங்கே 'வாட்டர்' என்பது தண்ணீரன்று, ஆபிரகாம் ஃபாட்டர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளரின் பெயர்.) அந்த வாயைச் சுற்றி ஒரு சுருக்குத்தசை இருக்கிறது, பித்தத்தின் பாதையில் மிகக் குறுகலான இடம் இதுவே.

பெரிய கல் பித்தப்பையிலேயே தங்கிவிடக்கூடும். சில மில்லிமீட்டரே உள்ள சிறு கல்தான் எளிதில் நழுவி இறங்கி இந்த வாயில் சிக்குகிறது. அப்போது பித்தம் பின்தேங்குவதால் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, மலம் வெளிறும். கணைய நீரும் வெளியேற வழியின்றித் தேங்க, குடலில் செயல்பட வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து அதன் திசுவைச் சிதைக்கின்றன. இரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவு இயல்பின் மேல்வரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பது இதைக் காட்டும். சிலருக்கு இரு நாளங்களும் தனித்தனியே திறப்பதால், கல் இறங்கும் எல்லாருக்கும் கணையம் வீங்குவதில்லை.

நாளத்தின் கீழ்முனைக்கு முன்னால் குடலின் வாயு மறைப்பதால், சாதாரண ஸ்கேனில் அங்குள்ள கல் தெரியாமல் போகலாம். ஆகவே மஞ்சள் குறையாவிட்டால், இந்த நாளங்களைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும். பெரும்பாலான கற்கள் சில நாட்களில் தாமாகவே குடலுக்குள் நழுவிவிடும். ஆனால் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், அது தேங்கிய பித்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டதன் அடையாளம். அப்போது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், வாய்வழியே எண்டோஸ்கோப் குழாயைக் குடல்வரை செலுத்தும் ஈ.ஆர்.சி.பி. முறையில் சுருக்குத்தசையைச் சிறிது வெட்டிக் கல்லை எடுத்தாக வேண்டும். நம் பக்கத்தில் காமாலை என்றதும் கீழாநெல்லி கொடுப்பார்கள். நாளத்தின் வாயில் சிக்கிய கல்லை அது அகற்றாது.

வீக்கம் லேசானதாக இருந்து தணிந்துவிட்டால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை அகற்ற முடியுமா என்று அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள். மீதிக் கற்கள் அங்கே இருக்கும்வரை அடுத்த கல்லும் இதே வாசலுக்குத்தான் வரும்.