ஃப்ளாஷ்பேக்: முதலில் ஒலி, அப்புறம் நிறம்

கேள்வி: என் குறும்படத்தில் பழைய நினைவு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் புரியவில்லை. நிறம், மங்கல், ஒலி இவற்றை எவ்வளவு மாற்றலாம்?

நான் எடிட் செய்த ஒரு குறும்படத்தில் இதே சிக்கல் வந்தது. ஓர் அறை. மகள் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அடுத்த ஷாட்டில் அதே அறையில், பத்து வருடம் முன்பு, அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். நான் காட்சி முழுக்க செபியா போட்டேன், எல்லா ஷாட்டையும் மங்கலாக்கினேன், வசனத்துக்கு ரிவெர்ப் கொடுத்தேன். பார்த்த நண்பர் கேட்டது: "ஃபோகஸ் போயிடுச்சா?" அப்பா சொல்லும் முக்கியமான வரியும் அவருக்குப் புரியவில்லை. ரிவெர்ப் கூடினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுந்துவிடும்.

இரண்டாம் முறை ஒலியிலிருந்து தொடங்கினேன். நிகழ்காலத்தில் தெருச் சத்தம் மட்டும். இறந்தகாலத்தில் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும். மகளின் முகம் திரையில் இருக்கும்போதே, ஷாட் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் தெருச் சத்தம் அடங்கி டிக் டிக் எழும். நின்ற கடிகாரம் ஓடுவது காதில் விழுந்ததுமே காலம் மாறியது புரிந்துவிடுகிறது. அப்பாவின் வசனத்தை அப்படியே விட்டேன். அவருடைய கடைசிச் சொல்லுக்கு மட்டும் ரிவெர்ப். நிகழ்காலத்துக்குத் திரும்பும் ஷாட் மாற்றத்தில் டிக் டிக் சட்டென்று நிற்கும்.

நிறத்தில் செபியாவின் தொல்லை, முகம், சுவர், துணி எல்லாவற்றையும் ஒரே சாயத்தில் முக்கிவிடுவது. அதனால் சாச்சுரேஷனை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து, வெளிச்சமான பகுதிகளுக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள் கொடுத்து, கறுப்பைச் சற்றே தூக்கினேன். தோல் நிறத்தை, ஒரு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்க உதவும் குவாலிஃபையரால் தனியாகப் பிடித்து இயல்புக்குக் கொண்டுவந்தேன். முக்கியமாக, நிகழ்காலத்தைக் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ளினேன். கண் பார்ப்பது வித்தியாசத்தைத்தான். நிகழ்காலமும் மஞ்சளாக இருந்தால் எவ்வளவு சாயம் ஏற்றினாலும் பயனில்லை. இன்னொன்று, ஷாட்களை முதலில் ஒன்றோடொன்று பொருத்திவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே சாயத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஃப்ளாஷ்பேக்குக்குள்ளேயே காலம் மாறுவது போலத் தெரியும்.

மங்கல் முதல் ஷாட்டுக்கு மட்டும் போதும். முழு மங்கலிலிருந்து சுமார் 20 ஃப்ரேமில் முகம் தெளியட்டும். அப்புறம் கனவுத்தன்மை வேண்டுமென்றால், அதே கிளிப்பின் நகலை மேலே வைத்து, காஸியன் ப்ளர் போட்டு, ஸ்கிரீன் மோடில் 20 சதவீத ஒபாசிட்டி கொடுங்கள். வெளிச்சம் மெல்லக் கசியும், கண்கள் கூர்மையாகவே இருக்கும். ஸ்கிரீன் மோட் படத்தை வெளுக்க வைக்கும் என்பதால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

முடித்ததும் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள், ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கதை தெரியாத ஒருவரும் இரண்டு முறையும் அதே இடத்தில் காலம் மாறியதைச் சொல்ல வேண்டும். ஒலியில்லாமல் சொல்ல முடியவில்லையென்றால் சாயத்தைக் கூட்டுவதற்கு முன் நிகழ்காலத்தின் நிறத்தைச் சரிபாருங்கள்.