அறிக்கையில் முதலில் இரண்டு நேரங்களைப் பாருங்கள்

கேள்வி: அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ராத்திரி தரையில் கிடந்ததாக நர்ஸ் அறிக்கை அனுப்பியிருக்கிறார். எப்படி விழுந்தார் என்றே அதில் இல்லை. எதையோ மறைக்கிறார்களா?

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேரில் வர முடியாதவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் அதிகம் வரும். நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு இல்லத்தில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். விழுந்ததை யாரும் பார்க்காதபோது ‘கால் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதினால் அது கற்பனை. உங்கள் நர்ஸ் அதை எழுதாமல் விட்டது சரிதான். நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம், அதற்கும் வருகிறேன்.

எங்கள் இல்லத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. மகள் மஸ்கட்டில். அன்று மகளுக்கு நான் எழுதியது இப்படி: “1.15 ரவுண்ட்ஸில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். 3.40க்குக் கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில், வலது பக்கமாகத் தரையில் கிடந்தார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. தரை ஈரமில்லை. பாத்ரூம் லைட் எரியவில்லை. ‘ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன், கண்ணு இருட்டிருச்சு’ என்றார்.”

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, நடுவில் 3 மணிக்கும் ஒரு ரவுண்ட்ஸ் போட்டுவிடச் சொன்னார். முடியாது என்றேன். ஒரு முதியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடினமான தரையில் அசையாமல் கிடந்தால், உடம்பின் பாரத்தில் தசை நசுங்கி, அதிலிருந்து வரும் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ரத்தத்தில் அதைச் சோதிக்க வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வது இந்த இடைவெளியை வைத்துத்தான். உடம்பு சில்லிடவில்லை, துணி நனையவில்லை, அதனால் வெகுநேரம் கிடந்திருக்க மாட்டார் என்று எனக்கே தோன்றியது. இருந்தாலும் ‘எவ்வளவு நேரம் கிடந்தார் என்று தெரியாது’ என்றுதான் எழுதினேன்.

பார்த்தவுடன் ஏன் தூக்கவில்லை என்று மகள் போனில் கோபப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது இன்னும் கெடுதல். கிடக்கிற நிலையிலேயே இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒன்று குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அசைக்கவே கூடாது. இந்த அம்மாவுக்குக் கால் சரியாக இருந்தது. ஆனால் காதுக்கு மேலே விரலால் தடவியபோது சின்னதாக ஒரு வீக்கம். அவர் இதயத்துக்காக க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை ரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாது, அதனால் உள்ளே கசிந்தால் எளிதில் நிற்காது. வெளியே காயமே இல்லாவிட்டாலும் டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்கேனுக்கு அனுப்பினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

எனக்குப் பெருமையான வரி அறிக்கையின் கடைசியில்தான் இருந்தது: “சென்ற வாரம் முதல் இரவில் பிரசோசின் புதிதாகத் தொடங்கப்பட்டுள்ளது.” பிரஷர் மாத்திரைதான், ஆனால் படுக்கையிலிருந்து எழும்போது பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். திரும்பி வந்த பிறகு படுக்க வைத்துப் பார்த்தால் மேல் எண் 142, எழுந்து நிற்க வைத்துப் பார்த்தால் 112. படுத்ததற்கும் நின்றதற்கும் 20 குறைந்தாலே நாங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது. இந்த அறிக்கைகளையெல்லாம் ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்துதான் எழுதுகிறோம். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இல்லத்தின் வண்டியும் போய்விடும், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும். ஏசி ரூமுக்கு மாதாமாதம் பணம் கட்டும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

சரி, உங்கள் அம்மா விஷயம். விழுவதற்கு முன் கடைசியாகப் பார்த்த நேரமும், தரையில் கிடப்பதைக் கண்ட நேரமும் அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். கண்ட நேரம் மட்டும் இருந்தால், அப்போது தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ரவுண்ட்ஸ் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைக்கு முன் மாத்திரை ஏதாவது மாறியதா என்று கேளுங்கள். தலையில் பட்டிருந்தால், ஸ்கேன் நன்றாக இருந்தாலும் சில வாரங்களுக்குக் கவனம் வேண்டும், வயதானவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாகக் கசிவது உண்டு. வீடியோ காலில் அம்மா வழக்கத்தைவிடத் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை மட்டும் தளர்ந்து தெரிந்தாலோ, நர்ஸ் சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே போன் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.