மூன்று சிரப்பும் நேர அட்டவணையும்: வீடு திரும்பிய குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முறை

கேள்வி: நிமோனியாவுக்காக மருத்துவமனையில் இருந்த எங்கள் மூன்று வயது மகன் (எடை 12 கிலோ) நேற்று வீடு திரும்பினான். மூன்று சிரப்பும் ஒரு நேர அட்டவணையும் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் (பாட்டிலில் 457 என்று இருக்கிறது) 3 மி.லி., காலை 8, இரவு 8, ஐந்து நாள். பிரெட்னிசோலோன் (5 மி.லி.யில் 15 மி.கி.) 4 மி.லி., காலை 9, உணவுக்குப் பின், மூன்று நாள். பாராசிட்டமால் (5 மி.லி.யில் 250 மி.கி.) 3.5 மி.லி., காய்ச்சல் இருந்தால் மட்டும், 6 மணி நேர இடைவெளியில். பையன் இரவு ஏழரைக்கே தூங்கிவிடுகிறான். பகலில் மாமியார்தான் மருந்து கொடுப்பார். ஒரு வேளை தவறினாலோ, வாந்தி எடுத்தாலோ என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள பெற்றோருக்கு,

மருத்துவமனை மருந்தகத்தில் இருந்துகொண்டு இத்தகைய அட்டவணைகளை எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், முதலில் உங்கள் அட்டவணையில் ஒன்றைச் சேர்த்து எழுதச் சொல்கிறேன். "ஆன்டிபயாடிக் 3 மி.லி." என்ற வரிக்குப் பக்கத்தில் "457 பாட்டில்" என்றும், மற்ற இரண்டு வரிகளிலும் அந்தந்த பாட்டிலில் உள்ள மி.கி. அளவையும் பேனாவால் எழுதிவிடுங்கள். மி.லி. என்பது எவ்வளவு திரவம் என்பதை மட்டுமே சொல்லும். அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். உங்களிடம் இருக்கும் அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலத்தில் 5 மி.லி.க்கு 400 மி.கி. அமாக்சிசிலின் உள்ளது. எனவே 3 மி.லி.யில் 240 மி.கி., இரண்டு வேளைக்கு 480 மி.கி., அதாவது 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 40 மி.கி. என்று மருத்துவர் கணக்கிட்டிருக்கிறார். இதே பெயரில், இதே போன்ற அட்டைப்பெட்டியில், 228.5 என்ற பாட்டிலும் கடைகளில் கிடைக்கும். அதில் வீரியம் பாதி என்பதால் அதே மருந்துக்கு 6 மி.லி. கொடுக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், ஐந்தாம் நாள் உங்களுக்கு இரண்டாவது பாட்டில் தேவைப்படலாம் என்பதுதான். இந்த மருந்து பெரும்பாலும் 30 மி.லி. பாட்டிலில் வருகிறது, ஐந்து நாளைக்குத் தேவையான அளவும் சரியாக 30 மி.லி. பாட்டிலின் சுவரிலும் சிரிஞ்சிலும் ஒட்டிக்கொள்வது போக, கடைசி வேளைக்கு மருந்து குறையும். அப்போது கடையில் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய பாட்டிலைக் காட்டி, அதே 457 தானா என்று பார்த்து வாங்குங்கள். அது பொடியாக இருக்கும். பெட்டியுடன் வரும் நீரையோ, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையோ குறிக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியபின் சரியாகக் குறிவரை நிரப்ப வேண்டும். நுரை இருக்கும்போதே குறியைப் பார்த்தால் நீர் குறைந்து, ஒவ்வொரு வேளையும் அளவு கூடிவிடும். கலக்கிய மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் (உறைபெட்டியில் அல்ல) வைத்து ஏழு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால், முன்கூட்டியே வாங்கினாலும் தேவைப்படும் நாளில்தான் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊற்றும் முன் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிடும்.

அளப்பதற்கு, பாட்டிலோடு வரும் மூடியை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் 2.5, 5, 10 என்ற கோடுகள்தான் இருக்கும், 3 மி.லி.க்குக் கோடே கிடையாது. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு சிறு கோடும் பொதுவாக 0.2 மி.லி.; ஆகவே பாராசிட்டமாலின் 3.5 மி.லி. என்பது 3.4, 3.6 ஆகிய இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வரும். காற்றுக்குமிழியை வெளியேற்றிவிட்டு, உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு, அதாவது சிரிஞ்சின் முனைப்பக்கம் உள்ள விளிம்பு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு டம்ளர் பாலில் கலந்து கொடுத்து அவன் பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி நேரம். ஆன்டிபயாடிக்குக்கு எட்டு மணி என்பதைவிட, இரண்டு வேளைக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி நேரம் இருப்பதுதான் முக்கியம். அவன் தூங்குவதற்கு முன் ஏழு மணிக்கும், மறுநாள் காலை ஏழு மணிக்கும் என்று தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். உணவு சாப்பிடத் தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். ஒரு வேளை தவறி நான்கு மணி நேரத்துக்குள் நினைவுவந்தால் உடனே கொடுங்கள். அதற்கும் மேல் தாமதமாகியிருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் வழக்கமான அளவில் கொடுங்கள். எந்த நிலையிலும் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்த அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், சற்று ஆசுவாசப்படுத்தி அதே அளவை மீண்டும் கொடுக்கலாம்; அரைமணி கடந்திருந்தால் வேண்டாம். இரண்டாவது முறையும் வாந்தி எடுத்தால் மூன்றாவதாகக் கொடுக்காமல் மருத்துவமனையை அழையுங்கள். இந்த மருந்தால் மலம் சற்று இளகிப்போவது வழக்கம்தான், அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உடலெங்கும் தடிப்பு எழுந்தாலோ, முகம் வீங்கினாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு உடனே அழைத்து வாருங்கள்.

பிரெட்னிசோலோனைக் காலை உணவுக்குப் பின் என்று எழுதியிருப்பது, வெறும் வயிற்றில் எரிச்சல் தரும் என்பதாலும், மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும் என்பதாலும்தான். மூன்றாம் நாளோடு அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடுங்கள். மீதியை அடுத்த முறை இளைப்பு வரும்போது கொடுக்கலாம் என்று எடுத்துவைக்க வேண்டாம்.

மாமியாரிடம் ஒப்படைக்கும்போது எனக்கு மிகுந்த கவலை தருவது பாராசிட்டமால்தான். மற்ற இரண்டுக்கும் நேரம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. இதற்குக் கொடுத்தபிறகுதான் எழுத முடியும். மதியம் இரண்டரைக்கு அவர் கொடுத்துவிட்டு எழுத மறந்துவிட்டார், ஐந்து மணிக்கு வீடு வந்த நீங்கள் உடம்பு சுடுகிறதென்று மறுபடி கொடுத்தீர்கள் என்றால், ஆறு மணி நேர இடைவெளி இரண்டரை மணி நேரமாகிவிடும். ஆகையால் அட்டவணையின் அடியில் காலியாக நான்கு கட்டங்கள் போட்டு, கொடுத்தவர் உடனே நேரத்தையும் தம் பெயரையும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் நான்கு கட்டமும் நிரம்பிவிட்டால் ஐந்தாவது கிடையாது. வாந்தியாகிப் போனதையும் எழுதுங்கள்.

வீட்டில் பழைய பாராசிட்டமால் சொட்டு மருந்து இருந்தால் இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள். அதில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருப்பது வழக்கம், 3.5 மி.லி. கொடுத்தால் 175 மி.கி.க்குப் பதில் 350 மி.கி. போய்விடும். சளி சிரப்களும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் பாராசிட்டமால் மறைந்திருக்கிறது. மேலும், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

அவன் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, நீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, வீடு வந்து இரண்டு நாளாகியும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ, அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் அட்டவணையையும் மூன்று பாட்டில்களையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.