ஹோல் எஃபெக்ட் கீபோர்டில் 0.1 மில்லிமீற்றர் உண்மையில் எதற்கு?

கேள்வி: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ஹோல் எஃபெக்ட் கீபோர்ட் ஒண்டு பார்த்தன். அக்சுவேஷன் பொயின்றை 0.1 மில்லிமீற்றர் வரைக்கும் குறைக்கலாமாம். உள்ளுக்குள்ள என்ன நடக்குது? வலொரண்ட் விளையாட எத்தனையில வைக்கோணும்?

பதில்:

முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கீ எவ்வளவு இறங்கியதும் 'அழுத்தியாயிற்று' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அக்சுவேஷன். இடம் வலம் நகர்த்தும் A, D இரண்டிலும் அதை 1.0 மில்லிமீற்றர் அளவில் வையுங்கள். கீ எவ்வளவு மேலே வந்ததும் 'விட்டாயிற்று' என்று எடுக்க வேண்டும் என்பதற்கு றப்பிட் ட்ரிகர் என்று இன்னொரு அமைப்பு இருக்கும், அதை 0.3 இல் வையுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 0.1 ஐ இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த இரண்டு அமைப்புகளில் காசுக்குப் பெறுமதியானது இரண்டாவதுதான். கடைக்காரர்கள் முதலாவதைத்தான் சொல்லி விற்கிறார்கள்.

சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். கீயை அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடும். செரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சை எடுத்தால், கீ மொத்தம் 4 மில்லிமீற்றர் இறங்கும், 2 மில்லிமீற்றரில் தகடுகள் தொடும். அந்த 2 என்ற இடம் பிளாஸ்டிக்கின் வடிவத்திலேயே தீர்மானமாகிவிட்டது, எந்த சொஃப்ட்வெயாரும் அதை மாற்றாது. இன்னொரு சிக்கலும் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொடும்போது ஒரு தடவையில் அடங்காது. சில மில்லிசெக்கன்களுக்குத் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். ஒரு அழுத்தத்தை நாலு அழுத்தமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகக் கீபோர்ட் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். வழக்கமாக 5 மில்லிசெக்கன் அளவு.

ஹோல் எஃபெக்ட் சுவிட்சில் தொடுவதற்கு எதுவுமே இல்லை. கீயின் தண்டுக்கு அடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. அதற்கு நேர் கீழே போர்டில் ஒரு சென்சர் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மின்னோட்டம் ஓடும் கடத்திக்குக் குறுக்கே காந்தப் புலம் வந்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். இதை 1879 இல் எட்வின் ஹோல் என்ற அமெரிக்கர் ஒரு தங்கத் தாளில் கண்டுபிடித்தார், பெயர் அவரிடமிருந்து வந்தது. காந்தம் கிட்ட வர வர சென்சரின் மின்னழுத்தம் மாறும். கீபோர்டில் இருக்கும் சிப் அதைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து மில்லிமீற்றராக மாற்றிக்கொள்ளும்.

ஆகவே இந்தக் கீபோர்டில் 'அழுத்தியாயிற்று' என்று சொல்கிற பாகம் எதுவும் கிடையாது. 'A இப்போது 1.37 இல் நிற்கிறது' என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் அக்சுவேஷனை 1.0 என்று வைத்தால், அது 1.0 ஐத் தாண்டிவிட்டதா என்று அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவ்வளவுதான். மாற்றக்கூடியதாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. தொழில்நுட்பம் பழையது, 1970களிலேயே இப்படி வேலை செய்த கீபோர்டுகள் இருந்தன. அதை விளையாட்டுக்காரர்கள் பக்கம் திருப்பிவிட்டதில் வூட்டிங் என்ற நெதர்லாந்து நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். வலொரண்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட வேண்டும். மறைவிலிருந்து இடப்பக்கமாக வெளியே வந்து, நின்று, ஒரு சூடு. இதில் முக்கியமான கணம் A ஐ அழுத்தியது அல்ல, A இலிருந்து விரலை எடுத்தது.

மெக்கானிக்கலில் நீங்கள் A ஐ அடி வரைக்கும் அழுத்தியிருந்தால் கீ 4.0 இல் நிற்கிறது. தகடுகள் பிரிய அது ஏறக்குறைய 2.0 வரைக்கும் மேலே வர வேண்டும். விரல் செக்கனுக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் எழும்புகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், அந்த 2 மில்லிமீற்றருக்கு 20 மில்லிசெக்கன் போகும். அவ்வளவு நேரமும் உங்கள் ஆள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

றப்பிட் ட்ரிகர் கீ எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறது. 0.3 என்று வைத்திருந்தால், அடியிலிருந்து 0.3 மில்லிமீற்றர் மேலே வந்ததுமே 'விட்டாயிற்று' என்று எடுத்துக்கொள்ளும். அதே விரல் வேகத்தில் 3 மில்லிசெக்கன். அங்கிருந்து மறுபடி 0.3 இறங்கினால் மீண்டும் 'அழுத்தியாயிற்று'. கீ மேலே வந்து சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

17 மில்லிசெக்கன் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 60 பிரேம் ஓடும் திரையில் அது ஒரு பிரேம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. மெக்கானிக்கலில் அந்தத் தாமதம் ஒரே அளவில் இருப்பதில்லை. பதற்றத்தில் அடி வரைக்கும் குத்தினால் 20 மில்லிசெக்கன். மெல்லமாக 2.5 வரைக்கும் அழுத்தியிருந்தால் அரை மில்லிமீற்றரே மிச்சம், 5 மில்லிசெக்கன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில் ஆள் நிற்கிறார் என்றால் எப்போது கிளிக் பண்ணுவது என்று கை எப்படிப் பழகும்? றப்பிட் ட்ரிகரில் எவ்வளவு ஆழத்துக்கு அழுத்தினாலும் எப்போதும் அதே 0.3 தான்.

கொழும்பில் விளையாடுகிறவர்கள் உடனே கேட்பது, "பிங்கே இவ்வளவு இருக்கும்போது இதில் என்ன?" பிங் என்பது விளையாட்டின் சேர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம். சேர்வர் சிங்கப்பூரில் என்றால், அது இங்கிருந்து சுமார் 2700 கிலோமீற்றர். கேபிளுக்குள் ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 27 மில்லிசெக்கன் எடுக்கும், உண்மையில் அதைவிடக் கூடத்தான். எந்தக் கீபோர்டும் அதில் ஒரு மில்லிசெக்கனைக்கூடக் குறைக்காது. ஆனால் கீயை விட்ட செய்தியும் மௌஸ் கிளிக்கும் ஒரே வழியால்தான் போகின்றன, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தாமதம். அவை இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி உங்கள் மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கீபோர்ட் மாற்றுவது அந்த இடைவெளியை.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் 0.1 இல் வைத்தால் என்ன? என் அக்காவின் மகன் அப்படித்தான் வைத்திருந்தான். நின்று சுடும்போதும் அவனுக்குக் குண்டு சிதறியது, எய்ம் சரியில்லை என்று மௌஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். கீபோர்டின் சொஃப்ட்வெயாரில் கீ எவ்வளவு இறங்குகிறது என்று நேரடியாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். அதைத் திறந்து, விளையாடும்போது வைப்பது போல விரல்களைச் சும்மா வைக்கச் சொன்னேன். D கீ 0.3 இல் நின்றது. விரலின் பாரம் மட்டும்தான், அழுத்தவே இல்லை. 0.1 ஐத் தாண்டியதும் கீபோர்ட் அதை அழுத்தமாக எடுத்துக்கொண்டது, ஆள் நகர்ந்துகொண்டே இருந்தார். நீங்களும் இதே சோதனையைச் செய்து, சும்மா வைக்கும்போது வருகிற ஆழத்தைவிட அரை மில்லிமீற்றராவது கூடுதலாக வையுங்கள். அவனுக்கு 0.9 சரியாக வந்தது.

0.1 க்கு எதிராக இன்னொரு காரணமும் இருக்கிறது. காந்தத்தின் புலம் தூரத்தோடு சீராகக் குறைவதில்லை. சென்சருக்குக் கிட்டே அது வேகமாக மாறும், தூரத்தில் மந்தமாக மாறும். கீ மேலே நிற்கும்போது காந்தம் தூரத்தில் இருக்கிறது, ஆகவே முதல் மில்லிமீற்றரில்தான் அளவீடு ஆகப் பலவீனம். வெப்பமும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் போடும் நியோடிமியம் காந்தங்கள் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.1 சதவீதம் பலம் குறையும், குளிர்ந்தால் மீண்டும் வரும். ஏசி போட்ட அறை 24 பாகை, நிறுத்திவிட்டால் வெள்ளவத்தை வெக்கையில் 31. அந்த வித்தியாசம் சிறிது, ஆனால் அது தெரிய வருவது கீயின் மேல் பக்கத்தில்தான். நல்ல கீபோர்டுகள் இதைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். மலிவான ஒன்றில் தொடாமலே ஒரு கீ அழுத்தியபடி நிற்பதாகக் காட்டினால், சொஃப்ட்வெயாரில் 'கலிபிரேஷன்' என்று இருப்பதைத் திறந்து, ஒவ்வொரு கீயையும் அடி வரைக்கும் மெதுவாக அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

W கீ வேறு கதை. அதை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டு ஓடுவோம். விரல் களைக்கும்போது பிடி கொஞ்சம் தளரும், கீ அந்த 0.3 அளவுக்கு மேலே வந்துவிடும். றப்பிட் ட்ரிகர் அதை விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும், ஓட்டம் தடுக்கித் தடுக்கிப் போகும். நான் W க்கு றப்பிட் ட்ரிகரை அணைத்தே வைத்திருக்கிறேன்.

எழுத்துக் கீகளையும் 0.5 க்குக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெங்கநாதன் தமிழ் லேயவுட்டில் ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள், பக்கத்துக் கீ எல்லாம் வந்து விழும். தட்டச்சுக்கு வேறு புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் 1.8 அல்லது 2.0 இல் வைத்துக்கொள்வது நல்லது.

இதே கீபோர்டுகளில் வரும் 'ஸ்னாப் டப்' வகை வசதியையும் றப்பிட் ட்ரிகரையும் போட்டுக் குழப்பாதீர்கள். அது A ஐப் பிடித்திருக்கும்போதே D ஐ அழுத்தினால் A ஐத் தானாகவே விட்டுவிடும். விரல் செய்ய வேண்டியதைக் கீபோர்ட் செய்கிறது என்று சொல்லி, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இன் உத்தியோகபூர்வ சேர்வர்களில் வால்வ் நிறுவனம் 2024 ஓகஸ்டில் அதைத் தடுத்துவிட்டது. றப்பிட் ட்ரிகருக்கு அங்கே தடை இல்லை.

வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு கணினியில் செருகித் தரச் சொல்லுங்கள். பல கீபோர்டுகளின் அமைப்புப் பக்கம் குரோம் அல்லது எட்ஜ் பிரௌசரிலேயே திறக்கும், சில பிரௌசர்களில் வேலை செய்யாது. கீயின் ஆழம் காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒரு கீயை மிக மெதுவாக அழுத்துங்கள். எண் 0 இலிருந்து அடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். பாய்ந்து பாய்ந்து ஏறினாலோ, கையை எடுத்த பிறகும் 0 க்கு வராமல் நின்றாலோ வேறொன்றைக் கேளுங்கள். பிறகு சுவிட்ச் மாற்றும் எண்ணம் இருந்தால் அந்த மொடலுக்கு எந்தக் காந்த சுவிட்ச் பொருந்தும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காந்தத்தின் பலமும் எந்த முனை கீழே பார்க்கிறது என்பதும் சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறும், குழிக்குள் இறுக்கமாக உட்காருகிற சுவிட்ச்கூடப் பிழையான அளவைக் காட்டலாம். சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சோ பெரும்பாலான ஹோல் எஃபெக்ட் போர்டுகளில் வேலையே செய்யாது.