காற்றாலை அதிர்வில் 5 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஆரல்வாய்மொழியில் பழைய காற்றாலை ஒன்றின் ஜெனரேட்டரில் ஆக்சிலரோமீட்டர் ஒட்டி, ஆர்டுயினோவில் delay(50) வைத்து அளந்தேன். வரைபடத்தில் 5 ஹெர்ட்ஸ் அதிர்வு தெரிகிறது. 10 பிட் போதவில்லையா? 12 பிட் வாங்கலாமா?

பதில்:

வாங்க வேண்டாம் தம்பி, கோளாறு பிட்டில் இல்லை.

பிட் என்ன செய்யும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 10 பிட்டில் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். சென்சார் 1.637 வோல்ட் தந்தால் கணக்கு 335.26 என்று வரும். ஆர்டுயினோ 335 என்று எழுதும். அது 1.6357 வோல்ட். விடுபட்ட 1.3 மில்லிவோல்ட்தான் குவாண்டைசேஷன் பிழை. உங்கள் சென்சார் ஒரு ஜி-க்கு 300 மில்லிவோல்ட் தரும் வகை என்றால், அது 0.004 ஜி. 12 பிட்டில் இந்தப் பிழை இன்னும் சிறுக்கும், ஆனால் அந்த 5 ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும்.

முப்பந்தல் பக்கத்துப் பழைய காற்றாலைகள் பலவற்றில் நாலு போல் இண்டக்ஷன் ஜெனரேட்டர்தான். 50 ஹெர்ட்ஸ் லைனோடு சேர்ந்தால் 1500 ஆர்பிஎம்முக்குச் சற்று மேலே சுற்றும். 1515 என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 25.25 சுற்று. delay(50) என்றால் நொடிக்கு ஏறக்குறைய 20 சாம்பிள். அதில் பாதி, அதாவது 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத்தான் நம்பலாம். 25.25 அதைத் தாண்டுவதால் மடங்கி விழுகிறது:

25.25 − 20 = 5.25

இதுதான் ஏலியாசிங். சந்தேகமிருந்தால் delay(45) வைத்துப் பாருங்கள். சாம்பிள் 22.2 ஆகும், உச்சி 3 ஹெர்ட்ஸுக்கு நகரும். மெய்யான அதிர்வு என்றால் நாம் அளக்கும் வேகத்தைப் பார்த்து இடம் மாறாது.

சரி, நொடிக்கு 200 சாம்பிள் எடுத்தால் தீர்ந்ததா? பாதிதான். கியர்பாக்ஸின் வேகமான பினியனில் 24 பல் இருந்தால் பல் மோதும் அதிர்வு 24 × 25.25 = 606 ஹெர்ட்ஸ். அதிலிருந்து 200-இன் மூன்று மடங்கான 600-ஐக் கழித்தால் புதிதாக ஒரு 6 ஹெர்ட்ஸ் முளைக்கும்! பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே அனலாக் பின்னுக்கு முன்னாலேயே 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தரைக்கு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள். 48 ஹெர்ட்ஸில் வெட்டும். 606 ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். உங்கள் 25-உம் பத்து சதவீதத்துக்கு மேல் தணியும், அளவு சொல்லும்போது திருத்திக்கொள்ளுங்கள். சென்சாரின் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ் பெரிதாக இருந்தால் அதையும் 3.3-உடன் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

அப்புறம், delay-ஐ விட்டுவிடுங்கள். மற்ற வேலைகளின் நேரமும் அதோடு சேர்ந்து இடைவெளி ஆடும். பதிலாக t-ஐ unsigned long ஆக அறிவித்து, 5000 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை இப்படி அளங்கள்:

```
if (micros() - t >= 5000) {
  t += 5000;
  v = analogRead(A0);
}
```